இரண்டு மந்திரிகளா, மந்திரியும் குதிரையுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நடு ஆட்டத்தில் ஒருவரிடம் இரண்டு மந்திரிகளும் மற்றவரிடம் ஒரு மந்திரியும் ஒரு குதிரையும் இருக்கும் நிலை குறித்து வந்த கேள்விகளில் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மந்திரி என்று நான் எழுதுவது பிஷப்பைத்தான்.

"இரண்டு மந்திரிகள் இருந்தால் அரைச் சிப்பாய் கூடுதல் என்கிறார் என் பயிற்சியாளர். அதனால் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் குதிரையைக் கொடுத்து எதிராளியின் மந்திரியை வாங்குகிறேன். ஆனாலும் அடிக்கடி தோற்கிறேன். அந்த அரைச் சிப்பாய் எங்கே போகிறது?" (ஈரோடு வாசகர்)

உங்கள் பயிற்சியாளர் சொன்ன கணக்கு சரியானதே. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் லாரி காஃப்மன் ஏராளமான ஆட்டங்களை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்ட மதிப்பு அது. ஆனால் அது சராசரி. சிப்பாய்கள் பூட்டிக்கொண்ட ஆட்டமும் அதில் அடக்கம், திறந்து கிடக்கும் ஆட்டமும் அடக்கம். உங்கள் பலகையில் அது அரைச் சிப்பாயா, பூஜ்யமா, அதற்கும் கீழேயா என்பதை உங்கள் சிப்பாய்களே தீர்மானிக்கின்றன.

1972-இல் ரெய்க்யவிக்கில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஐந்தாவது ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பாருங்கள். ஸ்பாஸ்கிக்கு வெள்ளை, ஃபிஷருக்குக் கறுப்பு, தொடக்கம் நிம்சோ-இந்தியன். யாரும் விரட்டாமலேயே ஃபிஷர் ஆறாவது நகர்வில் தன் மந்திரியைக் கொடுத்து c3-இல் இருந்த குதிரையை வெட்டினார். வெள்ளையின் சிப்பாய்கள் c3, c4 என ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டன. அடுத்த சில நகர்வுகளில் வெள்ளையின் c4, d5, e4 சிப்பாய்களும் கறுப்பின் c5, e5 சிப்பாய்களும் நடுவில் முட்டி நின்றுவிட்டன. பன்னிரண்டாம் நகர்வில் g6-இல் ஒரு ஜோடிக் குதிரைகள் மாறியதும் நாம் பேசும் நிலை வந்தது. ஸ்பாஸ்கியிடம் இரண்டு மந்திரிகள், ஃபிஷரிடம் மந்திரியும் குதிரையும்.

இப்போது வெள்ளையின் மந்திரிகளைப் பாருங்கள். c4, d5, e4 மூன்றுமே வெள்ளைக் கட்டங்கள். வெள்ளைக் கட்ட மந்திரிக்குத் தன் சொந்தச் சிப்பாய்களே சுவர். கறுப்புக் கட்ட மந்திரிக்கோ c5, e5 சிப்பாய்கள் எதிரே நிற்கின்றன. ஆட்டத்தைத் திறக்க ராணிப் பக்கம் ஏதாவது வழி உண்டா? வெள்ளை 16-ஆம் நகர்வில் a4 ஆடினார். ஃபிஷர் உடனே a5 ஆடி அந்தக் கதவையும் அடைத்தார். a4 சிப்பாய் அன்றிலிருந்து காக்கப்பட வேண்டிய சுமை ஆகிவிட்டது.

26-ஆம் நகர்வில் ஸ்பாஸ்கியின் இரண்டு மந்திரிகளும் d1, e1 என்று முதல் வரிசைக்கே திரும்பிவிட்டன. ஃபிஷரின் குதிரையோ h5 வழியாக f4-க்கு வந்து உட்கார்ந்தது. அங்கே e5, g5 சிப்பாய்கள் இரண்டும் அதற்குக் காவல். அந்தக் குதிரையால் தாக்கப்பட்ட வெள்ளை ராணி c2-க்கு ஒதுங்கியது. அங்கிருந்து அது a4, e4 இரண்டையும் ஒருசேரக் காக்க வேண்டும். ஃபிஷர் தன் மந்திரியால் a4-ஐ வெட்டினார். ராணி அதை வெட்டினால் கறுப்பு ராணி e4-ஐ எடுத்து g2-இலும் e1-இலும் இறுதிமுற்றுகைக்கு நிற்கும். 27 நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது.

எனவே குதிரையைக் கொடுக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: நடுவில் நிற்கும் சிப்பாய்களில் இன்னும் நகரக்கூடியது எது, அதை நகர்த்தும் உரிமை யாரிடம்? நகரக்கூடியது எதுவும் உங்கள் கையில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

"திறந்த நிலையில் இரண்டு மந்திரிகள் எனக்குக் கிடைத்துவிட்டன. அதன்பின் என்ன செய்வது என்றே தெரியவில்லை. தாக்குதலும் அமைவதில்லை." (யாழ்ப்பாணம்)

தாக்குதலைத் தேடாதீர்கள். குதிரையின் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பறியுங்கள். இதை முதலில் தெளிவாகச் செய்து காட்டியவர் ஸ்டைனிட்ஸ். 1883-இல் லண்டனில் எங்லிஷ் என்ற ஆஸ்திரிய வீரருக்கு எதிராகக் கறுப்பில் ஆடினார். ராணிகள் மாறிவிட்டன. எங்லிஷின் குதிரை b3-இல் நின்றது. அங்கிருந்து அது முன்னேறக்கூடிய கட்டங்கள் a5, c5, d4.

ஸ்டைனிட்ஸ் b6 ஆடினார்; a5-உம் c5-உம் அடைபட்டன. இரண்டு நகர்வு கழித்து c5 ஆடினார், d4-உம் போயிற்று. பிறகு f6, g5, h6, f5 என்று அரசன் பக்கச் சிப்பாய்கள் மெல்ல ஏறி எதிராளியின் மந்திரியைப் பின்னுக்குத் தள்ளின. அடுத்து a5. குதிரை c1-க்கு ஓடியது, பின்னாலேயே a4. கடைசியாக வெள்ளைக் கட்ட மந்திரி c4-க்கு வந்தது. c1 குதிரைக்குச் செல்லக்கூடிய கட்டங்கள் நான்கே: a2, b3, d3, e2. c4 மந்திரி அந்த நான்கையும் ஒற்றை ஆளாகக் காக்கிறது. இதைப் பலகையில் விரலால் தொட்டுப் பாருங்கள், மறக்கவே மறக்காது.

சிப்பாயை ஏற்றினால் அது விட்டுச்செல்லும் கட்டங்கள் பலவீனமாகாதா என்று கேட்பீர்கள். ஆகும். c5 ஆடியதும் d5-ஐக் காக்கச் சிப்பாய் இல்லை. ஆனால் அவருடைய மந்திரி e6-இல் நின்று d5-ஐப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நிறத்து மந்திரி உங்களிடம் இருக்கும்வரைதான் இப்படி ஏற்றலாம்.

பலரும் கவனிக்காதது ஆட்டத்தின் முடிவை. ஸ்டைனிட்ஸ் தன் ஜோடியைப் போற்றிப் பாதுகாக்கவில்லை. கறுப்புக் கட்ட மந்திரிகளை g5-இல் மாற்றினார், யானைகளை மாற்றினார், குதிரை e2-க்கு வந்ததும் மீதமிருந்த மந்திரியைக் கொடுத்து அதை வெட்டினார். மிஞ்சியது சிப்பாய் ஆட்டம். அவருடைய அரசன் f4 வழியாக நுழைந்து வென்றது. எப்போது, எதை மாற்றுவது என்பதை மந்திரி ஜோடி வைத்திருப்பவரே பெரும்பாலும் முடிவு செய்கிறார். அந்த உரிமையைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள்.

"குதிரை என் பக்கம் இருந்தால்? நிலை முழுவதும் மூடியும் இல்லை." (கோலாலம்பூர்)

இரண்டு வேலைகள். இரு மந்திரிகளில் ஒன்றை மாற்றுங்கள், குதிரைக்கு ஓர் ஊன்றுகட்டம், அதாவது சிப்பாயால் விரட்ட முடியாத கட்டம், தேடுங்கள். 1914-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லாஸ்கர் காபபிளாங்காவை வென்ற ஆட்டம் இதற்கு நல்ல பாடம். ஸ்பானியத் தொடக்கத்தின் நான்காவது நகர்வில் லாஸ்கர் மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வாங்கினார். மந்திரி ஜோடி காபபிளாங்காவிடம். 12-ஆம் நகர்வில் லாஸ்கர் f5 ஆடினார். e5 கட்டம் எதிராளிக்குப் போகிறது, e4 சிப்பாய் பின்தங்குகிறது. பார்க்க அவலட்சணமான நகர்வுதான். ஆனால் அது e6-க்கு ஊன்றுகோல் போட்டது, c8 மந்திரியின் வழியையும் அடைத்தது. அடுத்து தன் மந்திரியை f4-க்குக் கொண்டுவந்து d6-இல் மாற்றிக்கொண்டார். மீதமிருந்த கறுப்பு மந்திரி அதற்குள் b7-க்குப் போயிருந்தது. 16-ஆம் நகர்வில் குதிரை e6-இல் அமர்ந்தது.

அதைச் சிப்பாயால் விரட்ட முடியுமா? முடியாது. கறுப்பின் பக்கத்துச் சிப்பாய்கள் d6, f6 வரை வந்துவிட்டன. சிப்பாய் பின்னோக்கி நடக்காது. எதிராளியின் பக்கத்துச் சிப்பாய்கள் இரண்டும் கடந்துவிட்ட கட்டமே குதிரைக்கு நிலையான கட்டம். பக்கத்தில் ஒரு சிப்பாய் பின்னால் காத்திருந்தால் அது தற்காலிகத் தங்கல்தான். இரண்டு நகர்வில் திரும்பி வர நேரிடும்.

"நிம்சோ-இந்தியனில் a3 ஆடி மந்திரி ஜோடியைக் கேட்டு வாங்கலாமா?" (திருச்சி)

a3 ஆடினால் b4-இல் நிற்கும் கறுப்பின் மந்திரி c3 குதிரையை வெட்டும்; அதை எதைக் கொண்டு திருப்பி வெட்டுவீர்கள் என்பதைப் பொறுத்தது. நான்காவது நகர்விலேயே a3 ஆடினால் b-சிப்பாயால் வெட்ட வேண்டும்; ஜோடி கிடைக்கும், கூடவே இரட்டைச் சிப்பாயும் வரும். முதலில் ராணியை c2-க்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு a3 ஆடினால் ராணியாலேயே வெட்டலாம், சிப்பாய்கள் குலையாது. விலை, ராணிக்குச் செலவாகும் நகர்வுகள்; அந்த நேரத்தில் கறுப்பு தன் காய்களை வெளிக்கொண்டுவந்துவிடும். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். பின்தங்கிய காய்களைப் பிறகு கொண்டுவந்துவிடலாம், c3-c4 இரட்டைச் சிப்பாய் பெரும்பாலும் கடைசிவரை கூடவே வரும்.