ராத்திரி ரம்மி ஆடினால் உடம்புக்கு என்ன கெடுதல்?

"பணம் போனால் போகட்டும், தூக்கத்துக்கும் வேலைக்கும் என்ன பாதிப்பு?"

பாதிப்பு படுத்த பிறகுதான் தொடங்கும். பதினொரு மணிக்கு 500 ரூபாய் விட்டவர், அதை எடுக்கவே இன்னும் இரண்டு மணி நேரம் ஆடுவார். போனை வைத்தாலும் படபடப்பு அடங்காது. தவறவிட்ட சீட்டு மனதில் ஓடும். தமிழ்நாட்டில் 2025-இல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை தடை போட்டார்கள்.

தூக்கம் கெட்ட மூளைக்கு லாபம் பெரிதாகவும் நஷ்டம் சிறிதாகவும் படும். அதனால் மறுநாள் பந்தயம் இன்னும் கூடும். அப்புறம் வீட்டில் எரிச்சல், ஆபீசில் ஒரே கணக்கை மூன்று முறை சரிபார்ப்பது. விட்டதைப் பிடிக்க ஆடத் தோன்றுகிறதா, எவ்வளவு விட்டீர்கள் என்பதை மறைக்கிறீர்களா? அப்படியானால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம்.