வெயிட் போடாத சராசரியை ஏன் தவிர்த்தோம் என்று ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது?

கேள்வி: என் சர்வே டேட்டாவில் ஸ்ட்ரேட்டா, க்ளஸ்டர், வெயிட் மூன்றும் இருக்கின்றன. சாதாரண சராசரியைக் கொடுத்தால் போதாதா? போதாது என்றால் ரிப்போர்ட்டில் என்ன எழுத வேண்டும்?

போதாது. எவ்வளவு தவறாகப் போகும் என்பதை நீங்களே ஓட்டிப் பார்க்கலாம். ஆர் மொழியின் `survey` பேக்கேஜோடு கலிஃபோர்னியாவின் 6,194 பள்ளிகள் பற்றிய டேட்டா வருகிறது. அவற்றிலிருந்து எடுத்த சாம்பிள்களும் கூடவே இருக்கின்றன. முழுப் பட்டியலும் கையில் இருப்பதால் எந்த விடை சரி என்று ஒப்பிட முடியும்.

```r
library(survey)
data(api)
d <- svydesign(ids = ~1, strata = ~stype,
     weights = ~pw, fpc = ~fpc, data = apistrat)
mean(apistrat$enroll)
svymean(~enroll, d)
```

`apistrat` சாம்பிளில் 200 பள்ளிகள்: தொடக்கப் பள்ளி 100, நடுநிலை 50, உயர்நிலை 50. மாநிலத்தில் இருப்பதோ முறையே 4,421, 1,018, 755. அதாவது உயர்நிலைப் பள்ளிகளில் 15-க்கு ஒன்று சாம்பிளில் வந்திருக்கிறது, தொடக்கப் பள்ளிகளில் 44-க்கு ஒன்றுதான். உயர்நிலைப் பள்ளிகள் குறைவு என்பதால் அவற்றை வேண்டுமென்றே கூடுதலாக எடுத்திருக்கிறார்கள். அதில் தப்பில்லை, நல்ல வடிவமைப்புதான். ஆனால் அதைக் கணக்கில் ஈடுகட்ட வேண்டும்.

உயர்நிலைப் பள்ளியில் சராசரியாக 1,321 மாணவர்கள், தொடக்கப் பள்ளியில் 417. பெரிய பள்ளிகள் சாம்பிளில் கால் பங்கு இருப்பதால் வெயிட் போடாத சராசரி 746.7 என்று வருகிறது. வெயிட் போட்டால் 595.3, அதன் 95% இடைவெளி 559 முதல் 632 வரை. மாணவர் எண்ணிக்கை பதிவாகியுள்ள பள்ளிகள் அத்தனையையும் எடுத்தால் உண்மைச் சராசரி சுமார் 619. அது இடைவெளிக்குள் இருக்கிறது, 746.7 எங்கேயோ இருக்கிறது. இன்னும் 1,000 பள்ளிகளை இதே விகிதத்தில் சேர்த்தாலும் இந்தப் பிழை குறையாது. ஏனென்றால் இது சாம்பிள் சிறியது என்பதால் வந்த பிழையே இல்லை.

க்ளஸ்டர் விஷயம் வேறு மாதிரி. `apiclus1` சாம்பிளில் 757 பள்ளி மாவட்டங்களில் 15-ஐ எடுத்து, அவற்றில் உள்ள 183 பள்ளிகளையும் சேர்த்திருக்கிறார்கள். இங்கே எல்லாப் பள்ளிக்கும் ஒரே வெயிட், அதனால் பள்ளிகளின் `api00` மதிப்பெண்ணுக்குச் சராசரி எப்படிப் போட்டாலும் 644.2-தான். மாறுவது ஸ்டாண்டர்ட் எரர். 183 பள்ளிகளும் தனித்தனியாக எடுக்கப்பட்டவை போலக் கணக்கிட்டால் அது சுமார் 7.8, இடைவெளி 629 முதல் 660 வரை. மாவட்டத்தை க்ளஸ்டராகச் சொன்னால் 23.5, இடைவெளி சுமார் 594 முதல் 695 வரை (15 க்ளஸ்டர் என்பதால் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 14). உண்மைச் சராசரி 664.7. குறுகலான இடைவெளி அதைத் தவறவிட்டுவிட்டது! ஒரே மாவட்டத்துப் பள்ளிகள் ஒன்றுபோலவே இருப்பதால் 183 பள்ளிகள் தரும் தகவல் ஏறக்குறைய 20 தனிப் பள்ளிகள் தருவதுதான். டிசைன் எஃபெக்ட் 9-க்கு மேல் என்று சொல்வது இதைத்தான்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். முதல் சாம்பிளுக்கு நான் இப்படி எழுதுவேன்:

"பள்ளி வகைப்படி மூன்று ஸ்ட்ரேட்டாவாகப் பிரித்து 200 பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தேர்வு வாய்ப்பு வகைக்கு வகை மாறுவதால் எல்லா மதிப்பீடுகளும் அந்த வாய்ப்பின் தலைகீழை வெயிட்டாகக் கொண்டவை. ஸ்டாண்டர்ட் எரர் டெய்லர் லீனியரைசேஷன் முறையில், ஸ்ட்ரேட்டாவையும் ஃபைனைட் பாப்புலேஷன் கரெக்‌ஷனையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. வெயிட் போடாத சராசரி உயர்நிலைப் பள்ளிகளின் பக்கம் சாய்வதால் அது தரப்படவில்லை."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். "வழக்கப்படி வெயிட் பயன்படுத்தப்பட்டது" என்பதோடு நிறுத்தினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எந்தப் பிரிவு கூடுதலாக எடுக்கப்பட்டது, அதனால் விடை எந்தப் பக்கம் சாயும் என்பதே காரணம். உங்கள் சாம்பிளில் க்ளஸ்டர் இருந்தால் அதன் எண்ணிக்கையையும் டிசைன் எஃபெக்ட்டையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். அட்டவணையில் `n` மட்டும் வெயிட் போடாத எண்ணிக்கையாக இருக்கட்டும். எத்தனை பேரை நேரில் கேட்டீர்கள் என்பதை வெயிட் போட்ட எண் சொல்லாது.

அப்புறம், ஒரு பிரிவை மட்டும் அலசும்போது டேட்டாவை முதலில் வெட்டிவிட்டு `svydesign` போடாதீர்கள். அந்தப் பிரிவில் ஆளே இல்லாத க்ளஸ்டர்கள் காணாமல் போய், ஸ்டாண்டர்ட் எரர் தப்பாகும். முழு டேட்டாவுக்கு டிசைன் போட்ட பிறகு `subset(d, stype == "H")` என்று எடுங்கள்.

ரிக்ரெஷனில் மட்டும் வெயிட் வேண்டுமா என்பதில் நியாயமான வாதம் உண்டு. தேர்வைத் தீர்மானித்த மாறிகள் எல்லாம் மாடலுக்குள் சரியாக வந்துவிட்டால் வெயிட் இல்லாமலும் குணகங்கள் சரியாக வரலாம், ஸ்டாண்டர்ட் எரரும் குறையும். ஆனால் "மாநிலத்தில் சராசரி எவ்வளவு?" என்ற கேள்விக்கு அந்த வாதம் பொருந்தாது.