ஐந்தாம் நாளில் 200 கிராம் குறைந்திருக்கிறது

"சிசேரியன்ல பிறந்தப்போ என் பெண் குழந்தை 2.900 கிலோ. இன்னைக்கு அஞ்சாம் நாள், 2.700 காட்டுது. பால் பத்தலை, பவுடர் பால் குடுன்னு மாமியார் சொல்றாங்க. எவ்வளவு வரைக்கும் குறையலாம்? எப்போ டாக்டர்கிட்ட போகணும்?"

பதினான்கு வருடமாகப் பிரசவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். இதே கேள்வியோடு என் தங்கையும் ஒருநாள் போன் செய்தாள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

200 கிராம் என்பது பிறந்த எடையில் சுமார் 7 சதவீதம். பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் மூன்று நான்கு நாளில் இந்த அளவு குறையும். அதில் பெரும்பகுதி உடம்பிலிருந்த கூடுதல் நீர், கூடவே கருப்பாக வெளியேறும் முதல் மலம். சிசேரியனில் அம்மாவுக்கு ஏற்றிய டிரிப்ஸ் நீர் குழந்தைக்கும் போயிருக்கும். அது முதல் நாளில் சிறுநீராக வெளியேறுவதால், எடை இன்னும் சற்று அதிகமாகக் குறைந்ததுபோல் தெரியும். 10 சதவீதத்தைத் தொட்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது. உங்கள் குழந்தைக்கு அது 2.610 கிலோ.

ஆனால் இந்தச் சதவீதத்தைவிட நான் முதலில் பார்ப்பது துணியைத்தான். இன்று ஐந்தாம் நாள். மலம் கருப்பு மாறி, பச்சை கலந்து, இந்நேரம் மஞ்சளுக்கு வந்திருக்க வேண்டும். நாளைக்குள் ஒரு நாளில் ஆறு முறையாவது வெளுத்த சிறுநீர் போக வேண்டும். இன்னமும் மலம் கருப்பாகவே இருந்தாலோ, துணியில் செங்கல் பொடி போன்ற கறை தெரிந்தாலோ, பால் உள்ளே போகவில்லை என்று பொருள். அந்தக் கறை முதல் இரண்டு நாளில் வந்தால் பரவாயில்லை, ஐந்தாம் நாளில் வரக் கூடாது.

என் தங்கை விஷயத்தில் நடந்தது இதுதான். குழந்தை பிறந்தபோது 3.120 கிலோ. நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது 2.890. குறைந்தது 7 சதவீதம் என்பதால் யாரும் கவலைப்படவில்லை. அங்கே ஒருவரும் பால் குடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆற்றாமை. "ரொம்ப சமத்து, அழவே மாட்டேங்குறான், நாலு மணி நேரம் தூங்குறான்" என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். ஏழாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது வாய் உலர்ந்திருந்தது, மஞ்சள் காமாலை தொடை வரை இறங்கியிருந்தது, துணியில் அந்தச் செங்கல் நிறம். எடை 2.770. 11 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

அன்றே மருத்துவமனைக்குப் போனோம். ரத்தத்தில் சோடியம் 152. நீர் வற்றியதால் உப்பு ஏறியிருந்தது. குழந்தை காம்பை மட்டும் கவ்விக்கொண்டு, இரண்டு நிமிடம் சப்பிவிட்டுத் தூங்கிப் போனான். மார்பு கட்டிக்கொண்டிருந்தும் பால் வெளியே வரவில்லை. வாயை அகலத் திறக்கவைத்து, கருவளையத்தோடு சேர்த்துக் கவ்வக் கற்றுக்கொடுத்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுத்து, பிறகு பீய்ச்சிய பாலைப் பாலாடையில் ஊட்டினோம். முதல் தடவை பீய்ச்சியபோது 15 மில்லிதான் வந்தது. மீதிக்கு டாக்டர் சொன்ன அளவில் இரண்டு நாள் பவுடர் பால் கொடுத்தோம். பத்தாம் நாள் 2.860, பதினான்காம் நாள் 2.990, பதினெட்டாம் நாள் 3.125. பிறந்த எடைக்குத் திரும்ப அத்தனை நாள் ஆனது. ஆனால் பத்தாம் நாளுக்குப் பின் தினமும் 30 கிராமுக்குமேல் ஏறியது. அதனால் பதினான்காம் நாள் பிறந்த எடையைத் தொடவில்லை என்று யாரும் பயப்படவில்லை.

உங்கள் குழந்தைக்கு இனி தினமும் 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஏழாம் நாள் அதே தராசில், துணியில்லாமல் எடை பாருங்கள். வேறு தராசு என்றால் 50 கிராம் வித்தியாசம் சாதாரணமாக வரும். 2.740-க்கு மேல் இருந்தால் பால் போதுகிறது. அப்படி ஏறினால் பதினைந்தாம் நாள் வாக்கில் பிறந்த எடை வந்துவிடும். 2.700-லேயே நின்றாலோ குறைந்தாலோ அன்றே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரமாகியும் பிறந்த எடைக்கு வராவிட்டால், ஏறும் வேகத்தையும் பால் குடிக்கும் விதத்தையும் அவர் பார்த்துவிட வேண்டும். நாக்கு ஒட்டியிருப்பது, சிறுநீர்த் தொற்று, அபூர்வமாக இதயக் கோளாறு என்று காரணம் வேறாகவும் இருக்கலாம்.

எழுப்பினாலும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், காய்ச்சல் இருந்தால், மஞ்சள் காலுக்கு இறங்கினால் ஏழாம் நாள்வரை காத்திருக்காதீர்கள். இரவானாலும் போங்கள்.

பவுடர் பாலை இன்று நீங்களாகவே தொடங்க வேண்டாம். மார்பு காலியாகாவிட்டால் சுரப்பும் குறையும். உங்கள் மாமியாரின் கவலை நியாயமானதுதான். அவரிடம் ஒரு வேலை கொடுங்கள்: நனைந்த துணிகளை எண்ணட்டும், மலத்தின் நிறத்தைப் பார்த்துச் சொல்லட்டும். இரவிலும் சேர்த்து எட்டு முறைக்குக் குறையாமல் எழுப்பிப் பால் கொடுங்கள். விழுங்கும் சத்தம் உங்கள் காதில் விழ வேண்டும். சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம்.