டாக்பேக்கில் பாட்டு கேட்பது: கேள்வி பதில்

"அக்கா, அப்பா சத்தத்தைக் கூட்ட பட்டனை அமுக்கினால் பாட்டு முன்னால் ஓடிவிடுகிறது. போன் பழுதா?"

பழுது இல்லை. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டு வசதிதான் டாக்பேக். அவர் விரல், பாட்டு எவ்வளவு ஓடியது என்று காட்டும் ஓட்டக்கோட்டில் பட்டு, டாக்பேக் அங்கேயே நிற்கிறது. அது அந்தக் கோட்டில் நிற்கும்வரை, பக்கவாட்டுச் சத்தப் பட்டன்கள் கோட்டைத்தான் நகர்த்தும். பல செயலிகளில் ஒரு அமுக்கலுக்குப் பாட்டின் 20-ல் ஒரு பங்கு நகரும். அதாவது 5 நிமிடப் பாட்டில் 15 விநாடி. நாலு தடவை அமுக்கினால் ஒரு நிமிடம் போய்விடும்.

அங்கே நிற்கிறதா என்பதைக் காதாலேயே அறியலாம்: டாக்பேக் நேரத்தையோ சதவீதத்தையோ சொல்லும். ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளி அடுத்த பட்டனுக்குப் போகச் சொல்லுங்கள். டாக்பேக் பேசி முடித்ததும் சத்தப் பட்டனை அமுக்கட்டும். பேசும்போதே அமுக்கினால் கூடுவது டாக்பேக்கின் குரல், பாட்டு அல்ல. முதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

பாட்டை நிறுத்தவும் தொடரவும் அந்தத் திரைக்கே போக வேண்டாம். ஆண்ட்ராய்டு 11 முதல், இரண்டு விரலால் திரையில் எங்கேயும் இருமுறை தட்டினால் போதும்.

"எழுத்தைக் கடைசி அளவுக்குப் பெரிதாக்கினால் டாக்பேக்கே தேவையில்லையே?"

ஓரளவு பார்வை இருப்பவருக்குச் சரிதான். ஆண்ட்ராய்டு 14-ல் எழுத்து 200% வரை போகும். ஆனால் பல செயலிகளில் பெரிதாவது எழுத்து மட்டும். நிறுத்தும் பட்டனும் மூன்று புள்ளியும் அப்படியே இருக்கும். அவை பெரிதாக, அமைப்பில் எழுத்து அளவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் 'காட்சி அளவு' என்பதைக் கூட்ட வேண்டும்.

இரண்டையும் உச்சத்தில் வைத்தால் பாட்டின் பெயர் பாதியில் வெட்டுப்படும், "காத்..." என்று நிற்கும். காட்சி அளவை ஒரு படி கூட்டி, எழுத்தைப் பெயர் வெட்டுப்படாத அளவுக்குக் குறைப்பதே என் பரிந்துரை.

"எனக்கு ஐபோன். இருவிரல் தட்டல் அதிலும் உண்டா?"

உண்டு, ஐபோனில் டாக்பேக்கின் வேலையைச் செய்யும் வாய்ஸ்ஓவரில் அதே இருமுறைத் தட்டல்தான். ஓட்டக்கோட்டில் மட்டும் வித்தியாசம்: மேலே கீழே தள்ளினால் நகரும், சத்தப் பட்டன் சத்தத்தையே மாற்றும்.

"பக்கத்து வீட்டு மாமாவுக்கும் அந்தச் சத்தம் கூடாத தொந்தரவுதான், காது மிஷின் வாங்கச் சொன்னேன். என் போனில் டாக்பேக் ஒரு பட்டனைப் பெயரில்லாத பட்டன் என்கிறதே?"

மிஷினுக்கு முன் ஓட்டக்கோட்டைப் பாருங்கள். உங்கள் சிக்கல் வேறு: செயலி செய்தவர் பட்டனுக்குப் பெயர் வைக்கவில்லை. அதன்மேல் நின்று மூன்று விரலால் ஒருமுறை தட்டினால் டாக்பேக் மெனு வரும். பெயர் சேர்க்கும் வசதி அதில் இருந்தால் "பிடித்தது" என்று எழுதிக்கொள்ளலாம். சில பட்டன்களுக்கு அந்த வசதியே வராது. செயலி புதுப்பித்தபின் வைத்த பெயர் காணாமலும் போகலாம். அதற்கு முழுத் தீர்வு செயலி செய்பவர் கையில்தான், எழுதிக் கேளுங்கள்.