ஒட்டுப்பெயரா, பெயரெச்சத் தொடரா?

"'இராசராசன், தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன், 1014இல் மறைந்தான்' என்பதில் காற்புள்ளிகளுக்கு நடுவில் இருப்பது பெயரெச்சத் தொடரா?"

இல்லை. 'கட்டியவன்' வினையாலணையும் பெயர். 'கோயிலை' என்ற செயப்படுபொருளை ஏற்கும் அளவுக்கு அதில் வினைத்தன்மை எஞ்சியிருந்தாலும், தொடரில் அது பெயராகவே நின்று, முன்னுள்ள இராசராசனையே மறுபடி சுட்டுகிறது; இப்படி ஒருவரையே சுட்டி ஒட்டி வரும் பெயரே ஒட்டுப்பெயர். தேர்வில் பலர் உள்ளே வினை தெரிந்தவுடன் பெயரெச்சம் என்று எழுதிவிடுகிறார்கள்.

வேற்றுமை உருபைச் சேர்த்துப் பார்த்தால் ஐயம் தீரும். 'இராசராசனை, பெரிய கோயிலைக் கட்டியவனை, மக்கள் போற்றினர்' என்று இரு பெயர்களும் ஒரே உருபை ஏற்கின்றன. 'பெரிய கோயிலைக் கட்டிய இராசராசன்' என்பதில் உள்ள 'கட்டிய' பெயரெச்சம் ஆதலால் உருபை ஏற்காது ('கட்டியை' என்றால் வேறு பொருள் வந்துவிடும்). தான் தழுவும் பெயருக்கு முன்னால் மட்டுமே நிற்கும், அப்பெயரை நீக்கினால் தொடர் முடியாமல் தொங்கும்.

காற்புள்ளியை மட்டும் நம்ப வேண்டாம். நீண்ட பெயரெச்சத் தொடருக்குப் பின் மூச்சு விடுவதற்காகச் சிலர் காற்புள்ளி இடுவதுண்டு. அதனால் எச்சம் பெயராகிவிடாது.

'சோழ மன்னனாகிய இராசராசன்' என்பதில் காற்புள்ளியே இல்லை. ஆயினும் இரு பெயர்களும் ஒருவனையே குறிக்கின்றன. 'சாரைப்பாம்பு' போன்ற இருபெயரொட்டில் மறைந்திருக்கும் 'ஆகிய' என்ற பண்புருபே இங்கு வெளிப்பட்டு நிற்கிறது.