சமனிலி தவறான பக்கம் திரும்பினால் என்ன செய்வது?

கேள்வி: ∫₂^∞ dx/√(x³−1) குவிகிறதா என்று பார்க்க, 1/x^(3/2) உடன் ஒப்பிட்டு “குவியும்” என்று எழுதினேன். விடை சரி, ஆனால் வழி தவறு என்று மதிப்பெண் தரவில்லை. ஏன்?

மதிப்பெண் தராதது நியாயம்தான். நானும் மாணவனாக இருந்தபோது இதே இடத்தில் சறுக்கியிருக்கிறேன்.

பகுதியில் இருக்கும் −1 ஐக் கவனியுங்கள். x³−1 என்பது x³ ஐ விடச் சிறியது. ஆகவே 1/√(x³−1) என்பது 1/x^(3/2) ஐ விடப் பெரியது. குவியும் ஒன்றுக்கு மேலே இருக்கும் சார்பு குவியலாம், விரியவும் செய்யலாம். அந்தச் சமனிலி எதையும் சொல்வதில்லை. குறி மிகையாக இருக்கும் சார்பு குவிகிறது என்று காட்ட, அதற்கு மேலே ஒரு கூரை வேண்டும். நீங்கள் போட்டது தரை.

கூரை கிடைப்பது கடினமில்லை. x ≥ 2 எனில் x³/2 என்பது 4 அல்லது அதற்கு மேல். எனவே x³ இலிருந்து 1 ஐக் கழித்தாலும் மிஞ்சுவது x³/2 ஐ விடக் குறையாது. அதாவது:

```
x³ − 1 ≥ x³/2
1/√(x³−1) ≤ √2 / x^(3/2)
∫₂^∞ √2 / x^(3/2) dx = √2 · √2 = 2
```

இப்போது முடிவு உறுதி: தொகையீடு குவிகிறது, மதிப்பு 2 ஐத் தாண்டாது. நீங்கள் போட்ட தரையும் வீணாகவில்லை. மதிப்பு √2 க்குக் குறையாது என்பதை அது சொல்கிறது. (உண்மையான மதிப்பு ஏறத்தாழ 1.43, தரையை ஒட்டியே இருக்கிறது.)

மாறிலியைத் தேடச் சலிப்பாக இருந்தால் விகிதத்தின் எல்லையைப் பாருங்கள். x^(3/2)/√(x³−1) இன் எல்லை 1. எல்லை பூச்சியமாகாத முடிவுள்ள எண் என்றால் இரண்டு தொகையீடுகளும் சேர்ந்து குவியும், அல்லது சேர்ந்து விரியும். சமனிலி எந்தப் பக்கம் திரும்புகிறது என்ற கவலையே இல்லை. நான் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

எல்லை பூச்சியமானால் மட்டும் எச்சரிக்கை. 1/(x ln x) ஐ 1/x உடன் ஒப்பிட்டால் விகிதம் பூச்சியத்தை நெருங்கும். 1/x விரிகிறது, நம் சார்போ அதைவிடச் சிறியது. ஆகையால் குவியும் என்று சொல்லத் தோன்றும். இதுவும் உங்கள் பிழையேதான், தலைகீழாக. விரியும் ஒன்றுக்குக் கீழே இருப்பதும் எதையும் நிறுவாது. இங்கே ஒப்பீட்டை விட்டு நேராகத் தொகையிட்டால், 2 முதல் T வரை ln(ln T) − ln(ln 2) வருகிறது. T வளர வளர இதுவும் எல்லையின்றி வளரும், விரிகிறது. ஆனால் T = 10¹⁰⁰ வரை போனாலும் மதிப்பு சுமார் 5.8 தான். கணினியில் எண்களைப் போட்டுப் பார்ப்பவர் அது நின்றுவிட்டது என்றே நினைப்பார்.