தங்கை வாசிக்க, அண்ணன் போடுகிறார்

கேள்வி: வங்கித் தேர்வுக்குத் தயாராகிறேன். பிரிலிம்ஸில் இரண்டு முறையும் ரீசனிங்தான் என்னைக் கவிழ்த்தது. பஸில், சீட்டிங் அரேஞ்ச்மென்ட் என்றாலே நேரம் போய்விடுகிறது. வீட்டில் பிளஸ் டூ படிக்கும் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசிப்பாள், நான் போடுவேன். அப்போது வந்துவிடுகிறது. ஒவ்வொரு வகைக்கும் எப்படிப் போட வேண்டும்?

பதில்: தம்பி, பிளஸ் டூ படிக்கிற பெண்ணை எதற்காகப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறீர்கள்? அவளுக்கும் இந்த வருடம்தான் பரீட்சை. அண்ணன் படிப்புக்காகத் தங்கை நேரத்தைக் கொடுப்பது வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. அது தப்பு. மூத்தவர் இளையவருக்கு நேரம் கொடுப்பதுதான் முறை. இன்றோடு அதை நிறுத்துங்கள்.

உங்கள் தோல்விக்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. அவள் வரிசையாக வாசிக்கிறாள், நீங்கள் வரிசையாகப் போடுகிறீர்கள். கேள்வி தயாரிப்பவர் குறிப்புகளை வேண்டுமென்றே கலைத்துத்தான் வைப்பார். எதை முதலில் எடுப்பது என்பதுதான் அங்கே சோதனை. அதை நீங்கள் பழகவே இல்லை.

ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஏ முதல் எச் வரை எட்டுப் பேர், வட்ட மேசை, எல்லோரும் மையத்தைப் பார்க்கிறார்கள். குறிப்புகள் இந்த வரிசையில் வருகின்றன: எச், ஏ பக்கத்தில் இல்லை. எஃப், பி பக்கத்தில் இருக்கிறார். டி-க்கு வலப்புறம் இரண்டாவது ஜி. ஏ-க்கும் சி-க்கும் நடுவில் இரண்டு பேர். சி-க்கு உடனடி வலப்புறம் பி. பி-க்கு நேர் எதிரே டி.

முதல் குறிப்பை வைத்து யாரையும் உட்கார வைக்க முடியாது. இரண்டாவதில் எஃப் எந்தப் பக்கம் என்று தெரியாது. இந்த இரண்டிலேயே நீங்கள் அழித்து அழித்து வரைய ஆரம்பித்திருப்பீர்கள். பேனாவை எடுக்காமல் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிட்டு, அதிகம் வருகிற பெயரைத் தேடுங்கள். இங்கே பி மூன்று குறிப்புகளில் வருகிறார். ஏ, சி, பி, டி நால்வரும் ஒரே சங்கிலி. அதில்தான் தொடங்க வேண்டும்.

ஏ-யை வட்டத்தின் அடியில் வையுங்கள். அங்கே உட்கார்ந்து மையத்தைப் பார்ப்பவருக்கு உங்கள் வலதுதான் வலது. சி, ஏ-க்கு வலப்புறம் மூன்றாவதாகவோ இடப்புறம் மூன்றாவதாகவோ இருக்கலாம். இரண்டு வட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். வலப்புற வட்டத்தில் பி, ஏ-க்கு நேர் எதிரே போய்விடுகிறார். டி உட்கார வேண்டிய இடத்தில் ஏ இருக்கிறார். அந்த வட்டம் செத்தது. குறுக்கே கோடு போடுங்கள், அழிக்காதீர்கள். குறிப்பைத் தப்பாகப் படித்திருந்தால் திரும்பிப் பார்க்க அது வேண்டும்.

மற்ற வட்டத்தில் பி, ஏ-க்கு இடப்புறம் இரண்டாவது. டி வலப்புறம் இரண்டாவது. ஜி, ஏ-க்கு நேர் எதிரே. காலியாக இருப்பவை ஏ-யின் இரு பக்கங்களும், டி-க்கும் ஜி-க்கும் நடுவிலுள்ள இடமும்தான். 'பக்கத்தில் இல்லை' என்ற குறிப்பு இப்போதுதான் வேலைக்கு வருகிறது: எச் நடு இடத்துக்குப் போகிறார். எஃப், பி-யை ஒட்டி ஏ-யின் இடப்புறம். மிச்சமிருக்கும் இ, ஏ-யின் வலப்புறம். 'இல்லை' என்று முடிகிற குறிப்புகளைக் கடைசிக்கு வைப்பதற்குக் காரணம் இதுதான்.

சிலர் வெளியே பார்க்கும் வட்டம் வந்தால், திசை தெரிந்தவுடன் பெயருக்குப் பக்கத்தில் அம்புக்குறி போடுங்கள். வெளியே பார்ப்பவருக்கு இடவலம் மாறிவிடும். வரிசையில் தெற்கு நோக்கி இருப்பவருக்கும் அதே கதை. வரிசைக் கணக்கில் முனையைச் சொல்லும் குறிப்பு முதலில். எத்தனை பேர் என்றே சொல்லாத வரிசையில் முன்கூட்டிக் கட்டம் போடாதீர்கள். சங்கிலி நீள நீள இடம் சேர்த்துக்கொண்டே போனால் மொத்தம் கடைசியில் தானாக வரும்.

மாடிக் கணக்கில் 'ஏ-க்கு மேலே எத்தனை பேரோ, பி-க்குக் கீழே அத்தனை பேர்' என்பதைப் பார்த்துப் பலர் மலைக்கிறார்கள். ஒன்று முதல் எட்டு வரை மாடி, மாடிக்கு ஒருவர் என்றால், இருவரின் மாடி எண்களையும் கூட்டினால் 9 வரும், அவ்வளவுதான். ஏ ஆறில் என்றால் பி மூன்றில். 'மேலே' என்பதும் 'உடனடி மேலே' என்பதும் வேறு வேறு. இதில்தான் நன்றாகப் படிப்பவர்களே விழுகிறார்கள்.

ரீசனிங் பகுதிக்கு 20 நிமிடம்தான், தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். உறுதியான குறிப்புகள் எல்லாம் தீர்ந்த பிறகும் மூன்று கேஸ் உயிரோடு இருந்தால் அந்த செட்டை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.